எங்கள் ஆப் காலியான வருடம்

என் அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறான். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டில் அவன் வண்டி பதினோரு வருடமாக நிற்கிறது. நான் அப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பூஞ்சேரியைத் தாண்டி, திருக்கழுக்குன்றம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பூஞ்சேரி கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ கிடைக்காமல் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணன் சிரித்தான். அதே முக்கால் மணி நேரமும் அவன் ஸ்டாண்டு வரிசையில் ஒன்பதாவது வண்டியாக, சவாரி இல்லாமல் உட்கார்ந்திருந்தானாம்.

“ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனேம்மா” என்றான்.

“எனக்கு நீ அண்ணன். என்கூட நின்னாங்களே நாலு பேரு, அவங்க யாருக்குப் போன் போடுவாங்க?”

அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, “அதுக்கு ஒரு ஆப் எழுத முடியுமா உன்னால?” என்று கேட்டான். எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஐந்து மாதம் வேலை முடிந்து வந்து எழுதினேன். அண்ணன் ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போய்ப் பேசி நாற்பது டிரைவர்களைச் சேர்த்தான். கமிஷன் கிடையாது, சர்வர் செலவுக்கு மட்டும் மாதம் ஒரு சின்னத் தொகை என்பது ஒப்பந்தம். திறந்த அன்று நாற்பது வண்டியும் மேப்பில் தெரிந்தன. நான் லீவு போட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை வந்தது இரண்டே சவாரி. அதில் ஒன்று நானே சோதித்துப் பார்த்தது.

அடுத்த வாரம் டிரைவர்கள் ஆப்பைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். சவாரி வராத ஆப்பை யார் திறந்துவைப்பார்கள்? அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி ஆப்பில் நம்பரைப் போட வைத்த சில பயணிகளும், திறந்து பார்த்தால் வண்டி இல்லை என்று மூடிவிட்டார்கள். பயணி வந்தால்தான் டிரைவர் இருப்பார், டிரைவர் இருந்தால்தான் பயணி வருவார். இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்றுகொண்டு, மற்றவர் முதலில் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தார்கள்.

வழி காட்டியது அப்பா. அவர் கடற்கரை ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை பார்த்தார். அங்கே அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு மத்தியானம் மூன்று மணிக்கு ஷிப்டு முடியும். பஸ் பிடிக்க கூட்ரோடு வரை நடப்பார்கள். “அவங்களுக்கு மட்டும் உடு. ஊரு பூரா இன்னாத்துக்கு இப்போ?” என்றார் அப்பா.

அது சரியாக இருந்தது. மூன்று மணிக்கு, ஒரே ரோட்டில், மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ. அதற்கு நாற்பது வண்டி தேவையில்லை, ஆறு போதும். ஆறு டிரைவர்கள் இரண்டே முக்காலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். பெண்கள் பட்டனை அழுத்தினால் நான்கு நிமிடத்தில் வண்டி வந்தது. அவர்கள் பக்கத்து ரிசார்ட்டுப் பெண்களுக்குச் சொன்னார்கள். அவர்களும் வரவே, இன்னும் பத்து டிரைவர்கள் திரும்பி வந்தார்கள். வண்டி அதிகமானதும் எந்த மூலையில் நின்று கேட்டாலும் பக்கத்தில் ஒன்று இருந்தது. காத்திருக்கும் நேரம் குறையக் குறைய, ஷிப்டுக்குச் சம்பந்தமில்லாத ஆட்களும் வந்தார்கள். டீச்சர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதானவர்கள், சிற்பக் கூடங்களில் வேலை பார்க்கிறவர்கள். எட்டாவது மாதத்தில் மாமல்லபுரத்தில் ஓடும் ஆட்டோக்களில் பாதிக்கு மேல் எங்களிடம் இருந்தன. நான் அந்த ஆப்பில் புதிதாக எதையும் எழுதவில்லை. ஆட்கள் சேர்ந்ததாலேயே அது நல்ல ஆப்பாக மாறிக்கொண்டிருந்தது.

நான் கம்பெனி வேலையை விட்டேன்.

அந்த நாட்களில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். கடற்கரைக்குப் போகிற தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர், எங்களுக்கு முன்பே போன் ஆட்டோ நடத்தி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடையில் இரண்டு போன்கள். யாராவது கூப்பிட்டால், தனக்குத் தெரிந்த இருபது டிரைவர்களில் பக்கத்தில் இருப்பவரை அனுப்புவார். அவருடைய டிரைவர்கள் ஒவ்வொருவராக எங்களிடம் வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் அவரே என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பழைய டைரி. எந்த வீட்டுக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், எந்த அம்மாவுக்குக் கால் முடியாது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது.

“என் பசங்க எல்லாம் உங்ககிட்ட வந்துட்டாங்க. தப்புன்னு சொல்லலம்மா” என்றார். “போன்ல கூப்புடுறவங்க இன்னும் எனக்குத்தான் கூப்புடுறாங்க. அவங்களுக்கு உங்க ஆப்புலேர்ந்து வண்டி அனுப்புற மாதிரி எனக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்க. ரெண்டு பக்கமும் நல்லா இருக்கும்.”

இரண்டு நாள் வேலைதான். அவர் சொல்வதைச் சவாரியாகப் பதிவு செய்ய ஒரு தனிப் பக்கம் போட்டால் போதும். செய்யலாமா என்று யோசித்தேன். செய்தால் அவர் நம்பர் உயிரோடு இருக்கும், மக்கள் அவருக்கே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். செய்யாவிட்டால் எப்படியும் எங்களிடம் வந்துவிடுவார்கள். அலை எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

“சார், கொஞ்ச நாள் போனா அவங்களே ஆப்புக்கு வந்துடுவாங்க. நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். காபி வாங்கிக் கொடுத்தேன். அவர் டைரியை மடியிலேயே வைத்துக்கொண்டு குடித்துவிட்டு எழுந்து போனார். மூன்று மாதம் கழித்துப் போன் ஆட்டோ போர்டைக் கழற்றிவிட்டார் என்று அண்ணன் சொன்னான்.

சென்னை ஆப் வந்தது அதற்கு அடுத்த தை மாதம். அதற்கு ஒரு பெயர் உண்டு. டிரைவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, சென்னை ஆப் என்றே சொன்னார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அது எங்களுக்கு எதிராக எதையும் செய்யத் தேவையிருக்கவில்லை. சனி ஞாயிறு கோயில் பார்க்க வருகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள். அவர்கள் போனில் அது ஏற்கெனவே இருந்தது. இரண்டு நாள் தங்குகிற ஊரில் புதிதாக ஒரு ஆப் இறக்கி, நம்பர் போட்டு, ஓடிபி வாங்க யாருக்குப் பொறுமை? நாங்கள் ரிசார்ட்டுப் பெண்களை ஒவ்வொருவராகச் சேர்த்தோம். சென்னை ஆப்பின் பயணிகள் வரும்போதே பாக்கெட்டில் ஆப்போடு வந்து இறங்கினார்கள்.

முதல் மாதம் நான் பயப்படவில்லை. டிரைவர்கள் யாரும் எங்களை விட்டுப் போகவில்லை. ஒரே போனில் இரண்டு ஆப்பும் வைத்துக்கொண்டார்கள். “இதுல வந்தா இது, அதுல வந்தா அது. நமக்கு இன்னா நட்டம்?” என்றான் அண்ணனின் கூட்டாளி. சின்ன வயதிலிருந்து அண்ணனோடு சுற்றியவன், எங்களோடு சேர்ந்த முதல் டிரைவர். அவன் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. பயணி இரண்டில் எதைத் திறந்தாலும் அதே வண்டிகள்தானே தெரியும், அப்படியே இரண்டும் ஓடலாமே என்று நினைத்தேன்.

நான் பார்க்கத் தவறியது ஒன்று. ஒரு வண்டி சென்னை ஆப் சவாரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் மேப்பில் அது இல்லை. சனிக்கிழமைகளில் எங்கள் நான்கு நிமிடம் ஆறு நிமிடமானது. பிறகு சென்னை ஆப்காரர்கள் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வருகிற சவாரி எதையும் மறுக்காமல் ஒரு நாளில் இத்தனை என்று முடித்தால் கூடுதல் பணம். அதற்குப் பிறகு அவர்கள் மணி அடிக்கும் என்று காத்திருக்கிற டிரைவர், எங்கள் மணி அடித்தால் எடுக்கவில்லை. எங்கள் சவாரியில் போய்விட்டால் அந்த நேரம் அங்கே எண்ணிக்கை நின்றுவிடும். ஒவ்வொரு போனிலும் இரண்டு ஆப்பும் இருந்தன. ஆனால் காது ஒன்றின் பக்கம்தான் இருந்தது.

ஆறு ஒன்பதானது. ஒன்பது பன்னிரண்டானது. சர்வரில் எல்லாம் தெரியும். ஒருவர் ஆப்பைத் திறக்கிறார், பன்னிரண்டு நிமிடம் என்று பார்க்கிறார், மூடுகிறார். அடுத்த நாள் மறுபடி திறந்து மூடுகிறார். மூன்றாம் நாள் திறப்பதில்லை. அப்படி ஒருவர் குறைந்தால் எங்கள் டிரைவர்களுக்கு ஒரு சவாரி குறைந்தது. சவாரி குறைந்த டிரைவர் எங்கள் ஆப்பை மூடினார். அதனால் மிச்சமிருந்த பயணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் கூடியது. எங்களை மேலே தூக்கிக்கொண்டு போன அதே ஏணிதான், ஒரு படி விடாமல், எங்களைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தது.

ரிசார்ட்டுப் பெண்கள் நீண்ட நாள் தாங்கினார்கள். பிறகு ஒருநாள் அவர்களில் ஒரு அக்கா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். “புள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வந்து பூட்டுன வாசல்ல குந்திகினு கீதுங்க பாப்பா. கால் மணி நேரம் லேட்டானா கஷ்டமா கீது” என்றார். நான் பரவாயில்லை அக்கா என்றேன். அவர் போய்விட்ட பிறகும் அவர் குனிந்த தலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்தக் காலத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. செங்கல்பட்டு ஸ்டேஷன் டிரைவர்களும் முட்டுக்காடு பக்கத்து டிரைவர்களும் சிறிய சிறிய ஆப்கள் ஆரம்பித்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து, எந்த ஆப்பைத் திறந்தாலும் எல்லோர் வண்டியும் தெரிகிற மாதிரிச் செய்தால் ஏதாவது நடக்கும் என்று எனக்கு அப்போதுதான் புத்தி வந்திருந்தது. போனில் கூப்பிடுகிறவர்களையும் அதில் சேர்க்கலாம் என்று நினைத்தேன். அவர் ஒரு பையனின் மார்க் ஷீட்டை லேமினேட் செய்துகொண்டிருந்தார். முடிக்கும் வரை நின்றேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “நல்ல யோசனைதான்” என்றார். “அந்த நம்பரை ஒரு வருஷமா யாரும் கூப்புடலம்மா. சிம்மைக் கூட ரீசார்ஜ் பண்ணல, போயிடுச்சு.”

“டைரி?”

“அது எங்கியோ கெடக்கும்.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவர் அதற்குள் அடுத்த ஆளின் ஆதார் கார்டை வாங்கிக்கொண்டார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செங்கல்பட்டுக்காரர்களோடும் முட்டுக்காட்டுக்காரர்களோடும் மூன்று தடவை உட்கார்ந்து பேசினோம். எந்தப் பெயரில் நடத்துவது என்பதிலேயே முதல் இரண்டு தடவையும் போய்விட்டது. மூன்றாம் தடவை முட்டுக்காட்டிலிருந்து யாரும் வரவில்லை. அங்கே டிரைவர்கள் எல்லோரும் சென்னை ஆப்புக்குப் போய்விட்டார்கள் என்று செங்கல்பட்டுக்காரர் சொன்னார். அவரே போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எந்த ஆப் திறந்திருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் டிரைவர்களை ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடிக்குக் கூப்பிட்டான். முப்பது பேர் வந்தார்கள். நான் எழுதிக்கொண்டு போனதைச் சொன்னேன். இப்போது கொடுக்கிற கூடுதல் பணம் என்றைக்கும் வந்துகொண்டிருக்காது, வேறு ஆப் இல்லை என்றானதும் நிறுத்துவார்கள், கமிஷனை ஏற்றுவார்கள் என்றேன். எல்லோரும் ஒரு மாதம் சேர்ந்து எங்கள் ஆப்பில் மட்டும் நின்றால் பயணிகள் திரும்பி வருவார்கள் என்றேன். அண்ணனின் கூட்டாளிதான் கடைசியில் வாயைத் திறந்தான்.

“மச்சான், தப்பா நினைக்காத” என்று என் அண்ணனைப் பார்த்துச் சொன்னான். “தங்கச்சி சொல்றது எல்லாம் கரெக்டு. உங்க ஆப்பு நல்ல ஆப்புதான். கமிஷன் கூட இல்ல. ஆனா அதுல ஆளு இல்லியே.”

“நீங்கல்லாம் வந்தா ஆளு வருவாங்கடா” என்றான் அண்ணன்.

“நான் வந்துடுவேன். இவன் வருவானா? இவன் வந்தா அவன் வருவானா? நான் மட்டும் வந்து குந்திகினு இருந்தா, இவனுங்க அங்க என் சவாரியையும் சேத்து எடுத்துகினு போவானுங்க. யாரும் வரமாட்டானுங்கன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு இவனுங்களுக்கும் தெரியும்.”

பத்து பேர் ஒரு மாதம் நிற்பதாகக் கை தூக்கினார்கள். பத்து நாளில் நான்கு பேர் இருந்தார்கள். கூட்டாளி மூன்று நாள் நின்றான். பிறகு ஸ்டாண்டில் அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவதை விட்டுவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்த ஆரம்பித்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்வது நின்றது. இருபத்தைந்து வருடப் பழக்கம். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை.

அண்ணன் மட்டும் அந்தச் சென்னை ஆப்பைக் கடைசி வரை இறக்கவில்லை. “நம்ம ஆப்புல ஒரு வண்டியாவது எப்பவும் காட்டணும்” என்பான். அண்ணி எதுவும் சொல்லமாட்டாள். என்னைத் தனியாகப் பார்க்கும்போது மட்டும், “நீ சொன்னா கேப்பாரு” என்பாள். நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் உடனே கேட்டிருப்பான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அப்பா வாசலில் செருப்பைப் போட முயன்றார். கால் உள்ளே போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அண்ணி ஓடி வந்து தாங்கினாள்.

நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். வண்டி வேறு ஒரு கேஸுக்குப் போயிருக்கிறது, இருபத்தைந்து நிமிடம் ஆகும், முடிந்தால் நீங்களே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்றார்கள். அண்ணனைக் கூப்பிட்டேன். சவாரி போய்க் கல்பாக்கத்தில் இருந்தான். எங்கள் ஆப்பில் அன்றைக்கு வந்த ஒரே சவாரி அது. “வந்துட்டேன், வந்துட்டேன்” என்றான். அரை மணி நேரமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். நினைவுக்கு வந்த இரண்டு டிரைவர்களைக் கூப்பிட்டேன். இருவரும் எடுக்கவில்லை, ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

எங்கள் ஆப்பைத் திறந்தேன். மேப்பில் ஒரே ஒரு வண்டி, கல்பாக்கம் ரோட்டில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

சென்னை ஆப்பை இறக்கினேன். இறங்குவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நம்பர் போட்டேன், ஓடிபி வந்தது. மேப் விரிந்தபோது எங்கள் வீட்டைச் சுற்றி ஏழு வண்டிகள். அந்த ஏழையும் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் என் திரையில் இருந்தவை. மூன்று நிமிடம் என்று காட்டியது. மூன்று நிமிடத்தில் வண்டி சந்துக்குள் திரும்பியது. ஓட்டி வந்தவன் அண்ணனின் கூட்டாளி.

அவன் என்னைப் பார்த்தான், என் கையிலிருந்த போனைப் பார்த்தான். இறங்கி வந்து அப்பாவை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி, பின் சீட்டில் என் மடியில் சாய்த்தான். வழியெல்லாம், “நைனா, கண்ணைத் தொறந்துகினே இரு நைனா” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். எங்கள் அப்பாவை அவன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான்.

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அப்பா பிழைத்தார். வலது கை இன்றுவரை சரியாக வரவில்லை. டம்ளரை இடது கையால் பிடிக்கிறார். தோட்ட வேலைக்கு அதற்குப் பிறகு போகவில்லை.

அண்ணன் வார்டு வாசலுக்கு வந்தபோது கூட்டாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே செங்கல்பட்டு வரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அண்ணன் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். எப்படி வந்தோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கூட்டாளி எழுந்து, “நாஸ்தா துன்னியா மச்சான்?” என்றான். இருவரும் கேன்டீனுக்குப் போனார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அண்ணன் அழுதான். அவன் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் காலையில் அண்ணன் லைசென்ஸ், பர்மிட், ஆர்சி புக் மூன்றையும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான்.

“இதெல்லாம் அதுல எப்புடி ஏத்தணும்னு தெரியல. நீ ஏத்திக் குடு” என்றான்.

ஒவ்வொன்றாகப் படம் எடுத்து ஏற்றினேன். எங்கள் ஆப்பில் அவனுக்கு ஆயிரக்கணக்கான சவாரிகளும் அவனைப் பற்றி நல்ல வார்த்தைகளும் இருந்தன. பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனார், சில்லறை சரியாகக் கொடுத்தார், அம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்டார் என்று. அதில் ஒன்றைக்கூட அங்கே எடுத்துப்போக வழி இல்லை. அங்கே அவன் அன்று சேர்ந்த புது டிரைவர். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் எதுவும் இல்லை.

“நம்மளதை மூடிடலாமா?” என்று கேட்டேன்.

“உன் இஷ்டம்” என்றான். காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, “மூடிடு. யாராச்சும் நம்பித் தொறந்து பாத்துகினு நிக்கப் போறாங்க” என்றான்.

அந்த வாரமே சர்வரை நிறுத்தினேன். வேலை ஒன்றுமில்லை, இரண்டு கட்டளைகள். எழுத ஐந்து மாதம் ஆனது. பிறகு மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இன்டர்வியூவில் அந்த ஆப் ஏன் நின்றது என்று கேட்டார்கள். ஏதாவது தொழில்நுட்பக் கோளாறா என்றார்கள். இல்லை, கடைசி நாள் வரை சரியாகத்தான் ஓடியது என்றேன்.

புங்கமரத்தடியில் நான் சொன்னது நடந்தது. நடந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. முதலில் கூடுதல் பணம் நின்றது. பிறகு கமிஷன் ஏறியது, ஆறு மாதத்தில் இன்னொரு தடவை ஏறியது. டிரைவர்கள் திட்டினார்கள், திட்டிக்கொண்டே ஓட்டினார்கள். அந்த ஆப்பை விட்டு வெளியே வரலாம், யாரும் கட்டிப்போடவில்லை. வந்தால் பயணிகள் பின்னால் வரமாட்டார்கள்.

போன மாதம் அவர்களெல்லாம் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து நாள் முழுக்க யாரும் ஆப்பை ஆன் செய்வதில்லை. கூட்டாளிதான் முன்னால் நின்று பேசினானாம். அண்ணனும் கை தூக்கினான். ஒருவரும் மறுக்கவில்லை.

அன்று மத்தியானம் அண்ணன் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கல்யாணமாகி நான் இப்போது பூஞ்சேரியில் இருக்கிறேன். மீன் குழம்பு வைத்திருந்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“மொத ரெண்டு மணி நேரம் நல்லாத்தான் போச்சு. ஜனங்க போனைப் பாத்துகினு ரோட்டுல நின்னுகினு இருந்தாங்க. வண்டி கம்மியானதும் ஆப்புல ரேட்டு ஏறிச்சு. ஏறுனதைப் பாத்து கோவளத்துக்காரனுங்க, திருப்போரூர்க்காரனுங்க வர ஆரம்பிச்சானுங்க. நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தனும் போனைக் கையில வச்சிகினு மத்தவன் கையைப் பாத்துகினு கீறான்.”

“அப்புறம்?”

“யாராவது ஒருத்தன் ஆன் பண்ணிடுவான்னு எல்லாருக்கும் தெரியும்மா. அவன் பண்ணதும் எல்லாரும் பண்ணுவானுங்க. கடைசில பண்றவனுக்குத்தான் ஒண்ணும் கெடைக்காது. அப்பாவுக்கு இந்த வாரம் பிசியோதெரபி கீது.” ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். “பதினொன்னரைக்கு ஆன் ஆச்சு. மொத ஆளு நான்தான்.”

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தான். பிறகு எடுத்துவிட்டான்.

“உன் கூட்டாளி பாத்தானா?” என்று கேட்டேன்.

“எதிர்லதான் நின்னுகினு இருந்தான். பாத்தான். அவனும் போனை எடுத்தான்.”

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தான். மணி இரண்டாகியிருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், பத்து வினாடிக்குள் ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலால் தள்ளினான். ஐந்து ரதத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை, இரண்டு பேர்.

“வரேம்மா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.